உம்ராப் பயணத் தொகையில் அடங்காதவை

கீழக்கரையிலிருந்து உம்ரா யாத்திரைக்குப் புறப்பட எண்ணும் குடும்பத்தார், இரண்டு முகவர்களிடம் விலை விசாரித்து, குறைந்த தொகை சொன்னவரிடமே முன்பணம் கட்டிவிடுவது உண்டு. ஆயினும் அவ்விரு தொகைகளிலும் அடங்கியவை எவை, அடங்காதவை எவை என்பதை நிச்சயித்துக்கொள்ளாமல், எது மலிவு என்று தீர்மானிப்பது சாத்தியமே அன்று.

உதாரணமாக, பதினைந்து நாள் பயணத்துக்கு ஒருவர் தலைக்கு 88,000 ரூபாயும் மற்றவர் 1,00,000 ரூபாயும் கேட்பதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் தொகையில் 5 சதவீத ஜி.எஸ்.டி. சேரவில்லை, அது 4,400 ரூபாய். மதினாவில் தங்கும் எட்டு நாளும் உணவு நம் பொறுப்பு. நாளொன்றுக்கு 700 வீதம் 5,600 ஆகிறது. அறைக்கு ஐவர் என்பதை நால்வராக மாற்ற 4,000. இவை யாவும் அடங்கிய 1,00,000 ரூபாய்க்கு எதிரே, குறைவென்று தோன்றிய தொகை 1,02,000 ஆகிவிடுகிறது.

ஆகையால் முன்பணம் கட்டுவதற்கு முன்னரே முகவருக்கு இவ்விதம் எழுதுவது உத்தமம்:

“அஸ்ஸலாமு அலைக்கும். தாங்கள் சொன்ன 88,000 ரூபாயையும், வேறொருவர் சொன்ன 1,00,000 ரூபாயையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். தங்கள் தொகையில் விசா, விமானச் சீட்டு, ஜி.எஸ்.டி. சேர்ந்துள்ளனவா? மக்கா, மதினா விடுதிகளின் பெயர் என்ன, ஹரமிலிருந்து எத்தனை மீட்டர், அறைக்கு எத்தனை பேர்? எந்த நாட்களில் எத்தனை வேளை உணவு? ஜியாரத் வாகனமும், ஊரிலிருந்து விமான நிலையம் வரை வேன் செலவும் யார் பொறுப்பு? ரத்து செய்தால் எவ்வளவு பிடித்தம்? சேராதவை அனைத்தையும் எழுதி அனுப்பவும்.”

விடுதிப் பெயருக்குப் பின்னே ‘அல்லது அதற்கு இணையானது’ என்றிருந்தால், மாற்று விடுதிக்கும் தூர வரம்பை எழுதி வாங்கவேண்டும். வரிகளிலும் பேதம் உண்டு: ஜி.எஸ்.டி. திரும்பாத செலவு, தனியார் அமைப்பாளர்கள் கோரிய விலக்கை உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் நிராகரித்தது. வெளிநாட்டுப் பயணத் தொகுப்பின் மீது வசூலிக்கப்படும் டி.சி.எஸ். என்பதோ, நமது பான் எண்ணில் வரவாகி, வருமானவரிக் கணக்கில் ஈடுசெய்யவோ திரும்பப் பெறவோ கூடியது.

அவசியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடே என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. முதலில் 1915 என்ற எண்ணில் முறையிடலாம். தீராவிடில், முகவர் சென்னையில் இருந்தாலும், இங்கு வசிப்பவர் இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டாண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரையில் கட்டணம் இல்லை. அங்கே வாய்மொழி வாக்குறுதியை நிரூபிப்பது கடினமாதலால், எழுத்தில் பதில் தராத முகவரிடம் முன்பணம் கட்டாதீர்கள். பதிலையும் ரசீதையும் ஊர் திரும்பிய பின்னும் பத்திரப்படுத்தி வையுங்கள்.