குக்கர் யாரைப் பற்றிப் புகார் சொல்லும்?

"உங்க வீட்டு குக்கருக்குப் பேச்சு வந்தா, முதல்ல யாரைப் பத்திப் புகார் சொல்லும்?" மெரினாவில் மாலை நடைக்கு வருபவர்களிடம் கேட்க நல்ல கேள்வி இது. ஆமாம், இல்லை என்று முடித்துவிட முடியாது.

கேமராவை இறக்கிப் பிடித்தபடியே, எந்த யூடியூப் சேனலுக்கு என்று சொல்லி அனுமதி கேளுங்கள். பதில் முடிந்ததும், "இதைப் போடலாமாண்ணா?" என்று கேட்டு அவர் சம்மதிப்பதையும் பதிவுசெய்யுங்கள். சிறுவர் என்றால் முதலில் பெற்றோரிடம் கேளுங்கள். மனம் மாறினால் அழைக்க ஓர் எண் கொடுங்கள்.

30 பேர் பேசினால் 8 பதில் போதும். "மாமியாரைத்தான்!" என்பதைப் பலர் சொல்வார்கள், ஒன்றை வையுங்கள். "விசிலை எண்ணாம டிவி பாக்குற எங்க வீட்டுக்காரரை" என்பதுபோல் வீடே கண்ணில் தெரியும் பதில் முதலில் வரட்டும். பேசியவரையே கேலிக்கு ஆளாக்கும் பதிலை, எவ்வளவு சிரிப்பு வந்தாலும், வெட்டிவிட வேண்டும்.