தோள்வலிக்காரர் எப்படிப் படுப்பது?

பகலெல்லாம் எப்படியோ சமாளித்துவிடுகிற தோள்வலி, ராத்திரி படுத்ததும் உயிரை எடுக்கும். "தூக்கமே இல்லை டாக்டர்" என்பதுதான் இந்த வலியோடு வருகிறவர்களின் முக்கியமான புகார். மாத்திரை, பயிற்சி எல்லாம் எழுதித் தருவார்கள். எப்படிப் படுப்பது என்பதை மட்டும் பல நேரம் யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை.

தோளின் உச்சியைத் தொட்டால் கூரை மாதிரி ஓர் எலும்பு தட்டுப்படும். கையைப் பக்கவாட்டில் தூக்க உதவும் தசைநாண், அந்தக் கூரைக்கு அடியிலுள்ள குறுகலான இடைவெளி வழியாகத்தான் போகிறது. ஸ்கேன் அறிக்கையில் 'ரொட்டேட்டர் கஃப்' என்று வருவது இதையும் இதன் கூட்டாளிகளான மற்ற மூன்று நாண்களையும் சேர்த்துத்தான். நாற்பது வயதைத் தாண்டியதும் இது நைந்துபோவது சகஜம்.

ஐம்பத்திரண்டு வயது ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்வோம். வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிய வலது கை. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது சின்ன வயதுப் பழக்கம். அப்படிப் படுக்கும்போது உடம்பின் பாரம் நைந்த நாணின் மேல் இறங்குகிறது. பாயில் படுப்பவர்களுக்கு இன்னும் மோசம், தரை துளியும் விட்டுக்கொடுக்காது. அதனால் அவர் இடப்பக்கம் மாறிப் படுக்கிறார். அப்படியும் நடுராத்திரி விழிப்பு வந்துவிடுகிறது.

காரணம், மேலே இருக்கும் வலது கை. தூக்கத்தில் அது மார்பைத் தாண்டி முன்னால் சரிந்து மெத்தையில் விழுகிறது. கையின் முழுப் பாரமும் அந்த நாணை இழுத்து எலும்பின் மேல் இறுக்கிவிடுகிறது. படுத்த உடனே இது தெரியாது. ஒரு மணி, இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்த பிறகுதான் கடுப்பு கிளம்பும்.

இதற்கு வைத்தியம், கட்டிப்பிடித்துக்கொள்ள ஒரு தலையணை. ஆனால் அது தடியாக இருக்க வேண்டும். பழைய இலவம்பஞ்சுத் தலையணை ராத்திரியில் அமுங்கிவிடும், இரண்டாக அடுக்குங்கள். இல்லையென்றால் கனமான போர்வையைச் சுருட்டி வையுங்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வரவேண்டும். மணிக்கட்டு தலையணை விளிம்பில் தொங்கினால் பயனில்லை. முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணையை அண்டக்கொடுத்தால், தூக்கத்தில் வலப்பக்கம் உருண்டுவிடாமல் தடுக்கும்.

மல்லாந்து படுப்பவர்கள் முழங்கையைக் கவனிக்க வேண்டும். மெத்தையில் தட்டையாகக் கிடக்கும்போது முழங்கை மார்பின் மட்டத்துக்குக் கீழே இறங்கி, தோளின் முன்பக்கம் இழுபடும். மேற்கைக்கும் முழங்கைக்கும் அடியில் ஒரு குளியல் துண்டை நான்காக மடித்து வைத்து, உள்ளங்கையை வயிற்றின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரையாவது பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். முழங்கை உடம்பின் மட்டத்திலோ சற்று மேலேயோ இருந்தால் சரி. கொஞ்ச நேரத்தில் கடுப்பு தணிகிறதா என்று பாருங்கள். கூடினால் துண்டின் உயரத்தை மாற்றிப் பாருங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வரும் 'ஃப்ரோசன் ஷோல்டர்' வேறு ரகம். இதில் மூட்டைச் சுற்றியுள்ள உறையே தடித்து இறுகிவிடுகிறது. முதல் சில மாதங்களில் ராத்திரி வலி கொடுமையாக இருக்கும். இவர்களுக்கும் மல்லாந்த நிலையே நல்லது. கூடவே கைக்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு சிறிய தலையணை வைத்துக் கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கிவைத்தால், இறுகிய உறை தளர்ந்து கிடக்கும். எப்படியும் படுக்க முடியாத நாட்களில் ஈசிசேரில் பாதி சாய்ந்து தூங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

குப்புறப் படுப்பதும், கையைத் தலைக்கு அடியில் மடித்து வைத்துக்கொள்வதும் கூடவே கூடாது. இரண்டுமே நாணை நசுக்கும். தலைக்கு வைக்கும் தலையணை காதுக்கும் தோளுக்கும் இடையேயுள்ள பள்ளத்தை நிரப்பினால் போதும். எழும்போது வலிக்கிற கையை ஊன்றாமல், நல்ல பக்கம் புரண்டு எழுந்திருங்கள்.

இதெல்லாம் தூக்கத்தை மீட்டுத் தருமே தவிர, நைந்த நாணைச் சரிசெய்யாது. அதற்குப் பெரும்பாலும் பிசியோதெரபிதான் முதல் வழி. கீழே விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியாவிட்டாலோ, தோள் வீங்கிக் காய்ச்சல் அடித்தாலோ, எப்படிப் படுத்தாலும் வலி துளியும் மாறாமல் உடல் எடை குறைந்துகொண்டே போனாலோ, தலையணையை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். தோள்வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் அது இதயப் பிரச்சினையாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.