எட்டு மாத்திரைக்கு எத்தனை வழி?

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. பிராகிருத யாப்பிலும் ஏறத்தாழ இதே கணக்குதான்: லகு ஒன்று, குரு இரண்டு. எட்டு மாத்திரை அடியை இவற்றால் எத்தனை விதமாக நிரப்பலாம்? 12ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த ஹேமச்சந்திரர் இதற்கு விடை சொல்லியிருக்கிறார். அவருக்கு முன்பே விரகாங்கர் சொன்ன வழிதான் அது.

ஒரு தாளில் 0 முதல் 8 வரை ஒன்பது புள்ளிகளை வையுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்த புள்ளிக்கு ஓர் அம்பு போடுங்கள், அது லகு. ஒன்றைத் தாண்டி அதற்கடுத்ததற்கும் ஓர் அம்பு போடுங்கள், அது குரு. எந்த அம்பும் பின்னால் திரும்பாததால், புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வர முடியாது. இப்படிப்பட்ட படத்தைச் சுழற்சியற்ற திசைக் கோட்டுரு என்கிறார்கள். 0-இலிருந்து 8-க்குப் போகும் ஒவ்வொரு பாதையும் ஓர் அடி அமைப்பு.

பாதைகளை ஒவ்வொன்றாக எழுதினால் 40 மாத்திரைக்கு 16 கோடியைத் தாண்டிவிடும். அதற்குப் பதில் ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் எண்ணை மட்டும் எழுதுவோம்: இங்கே வந்து சேர எத்தனை வழி? தொடக்கத்தில் 1. மற்ற இடங்களில், அம்பு எங்கிருந்தெல்லாம் வருகிறதோ அந்த எண்களின் கூட்டுத்தொகை. 5-க்கு வருபவர் கடைசியாக 4-இலிருந்தோ 3-இலிருந்தோதான் வந்திருப்பார். இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்திருக்க முடியாது. அதனால் எந்தப் பாதையும் விடுபடாது, இருமுறை எண்ணப்படாது. 1, 1, 2, 3, 5, 8, 13, 21, 34 என்று வளர்ந்து, விடை 34. முன்பு கண்டதை எழுதிவைத்து மேலே கட்டும் இம்முறைக்கு டைனமிக் புரோகிராமிங் என்று பெயர்.

இனி நாலாவது மாத்திரையில் அடி கட்டாயம் பிரிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 3-இலிருந்து 5-க்குத் தாவும் அம்பை மட்டும் அழித்தால் போதும். 4-இல் 5, 5-இலும் 5, பிறகு 10, 15, 25. எண் வரிசை மாறிவிட்டது, முறை மாறவில்லை. எந்தப் படத்துக்கும் இது பொருந்துவது அதனால்தான்.

பொதுவான படத்தில் புள்ளிகள் வரிசையாக இருக்காது. உள்ளே வரும் அம்புகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுப்பதற்கு முன் ஒரு புள்ளியை முடித்துவிட்டால், விடை சத்தமில்லாமல் குறைந்துவிடும். 1962இல் ஆர்தர் கான் வெளியிட்ட முறை இதைத் தவிர்க்கிறது: உள்ளே அம்பு வராத புள்ளியை எடு, அதன் அம்புகளை நீக்கு, மறுபடியும் தேடு. எடுக்க ஏதுமின்றிப் புள்ளிகள் மிஞ்சினால், படத்தில் எங்கோ சுழற்சி இருக்கிறது.

இன்னொரு சிக்கல் எண்ணின் அளவு. 91 மாத்திரை வரை விடை, குறியுள்ள 64 பிட் எண்ணில் அடங்கும். 92-இல் வழிந்து, பெரும்பாலான கணினிகளில் எதிர்மறை எண்ணாகத் தெரியும். பைத்தானில் இந்தத் தொல்லை இல்லை. மற்ற மொழிகளில் போட்டிக் கணக்குகள் பெரும்பாலும் 1000000007-ஆல் வகுத்த மீதியை மட்டும் கேட்கின்றன. அப்போது ஒவ்வொரு கூட்டலுக்குப் பிறகும் மீதி எடுக்க வேண்டும். கடைசியில் ஒருமுறை எடுத்தால், எண் அதற்குள் வழிந்திருக்கும்.