ஒரே மென்பொருள், மூன்று விலை

மாதச் சந்தாவுக்கு விற்கப்படும் மென்பொருளின் விலைப் பக்கத்தில் பெரும்பாலும் மூன்று கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நல்லது, அதைவிட நல்லது, எல்லாவற்றிலும் சிறந்தது என்பது அவற்றின் வரிசை. கடையில் மூன்று தர அரிசி இருந்தால் அவை மூன்றும் வேறு வேறு செலவில் விளைந்தவை. மென்பொருளில் மூன்று அடுக்குக்கும் நிரல் ஒன்றே. அது ஏற்கெனவே எழுதி முடிந்துவிட்டது. எந்த அடுக்கை விற்றாலும் கூடுதல் செலவு சொற்பம். அதனால் எதை எந்த அடுக்கில் வைப்பது என்பதைச் செலவுக் கணக்கைப் பார்த்து முடிவு செய்ய இயலாது. வாங்குபவர்கள் எத்தனை வகை, ஒவ்வொரு வகையாருக்கும் அந்த மென்பொருள் எவ்வளவு பெறும் என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

கடைகளுக்கான பில் மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாங்கக்கூடிய கடைகள் 100 என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 60 சிறிய மளிகைக் கடைகள், மாதம் ரூ.350 வரை தரும். நடுத்தரக் கடைகள் 30, ரூ.900 வரை தரும். பல கிளைகள் உள்ள கடைகள் 10; ரூ.2,500 வரை தரும். எல்லாருக்கும் ஒரே விலை என்று ரூ.350 வைத்தால் 100 கடைகளும் வாங்கும், வருமானம் ரூ.35,000. ரூ.900 வைத்தால் சிறிய கடைகள் விலகிப் போகும்; மீதி 40 கடைகளிடமிருந்து ரூ.36,000 வரும். ரூ.2,500 வைத்தால் 10 கடைகளோடு ரூ.25,000தான். மாறாக ரூ.299, ரூ.799, ரூ.1,999 என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக் கடையும் தனக்கு உரிய அடுக்கில் சேர்ந்தால் வருமானம் ரூ.61,900 ஆகிறது. ஒரு கடையும் விலகவில்லை. ஒவ்வொரு கடைக்கும் தன் உச்ச வரம்பைவிடக் குறைந்த விலையே விழுகிறது.

சிக்கல் அந்த 'சேர்ந்தால்' என்ற சொல்லில் இருக்கிறது. நடுத்தரக் கடைக்காரரை யாரும் நடு அடுக்கில் உட்கார வைக்க முடியாது. அவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். நடு அடுக்கு அவருக்கு ரூ.900 பெறும், ரூ.799 கொடுத்தால் ரூ.101 மிச்சம். கீழ் அடுக்கை வைத்தே பெரும்பாலான வேலையை முடித்துக்கொள்ளலாம், அது தனக்கு ரூ.650 பெறும் என்று அவர் நினைத்தால், ரூ.299 போக ரூ.351 மிச்சம். அவர் கீழ் அடுக்கையே எடுப்பார். 30 கடைகளில் 15 அப்படி இறங்கினால் மாதம் ரூ.7,500 போய்விடும். அவர் நடுவிலேயே நிற்க வேண்டுமானால், கீழ் அடுக்கு அவருக்கு ரூ.400க்குமேல் பெறக் கூடாது. அது ரூ.450 பெறுமானால் நடு அடுக்கின் விலையை ரூ.749க்கு இறக்க வேண்டும். கீழே தாராளமாகத் தரும் ஒவ்வொரு வசதியும் நடு அடுக்கின் விலையிலிருந்து கழிகிறது. அடுக்கு அமைப்பதில் மற்ற எல்லா முடிவுகளுக்கும் அடியில் இந்தக் கணக்கு இருக்கிறது.

பிரெஞ்சுப் பொறியாளரும் பொருளியலாளருமான ழூல் துப்புயி 1849-லேயே ரயிலை வைத்து இதை விளக்கினார். அப்போது மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் கூரை இல்லாதவை இருந்தன. கூரை போடும் செலவுக்குக் கம்பெனி அஞ்சவில்லை. இரண்டாம் வகுப்புக்குப் பணம் தரக்கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதே நோக்கம் என்றார் அவர். ஏழையை வதைக்க நினைக்காமலே, பணமுள்ளவரை மிரட்டுவதற்காக ஏழையை மழையில் நனையவிட்ட ஏற்பாடு அது. 1990-இல் ஐபிஎம் நிறுவனம் லேசர் பிரின்டர் ஒன்றின் மலிவான வடிவத்தை வெளியிட்டது. மூல இயந்திரம் நிமிடத்துக்கு 10 பக்கம் அச்சிடும். மலிவானது 5 பக்கம். இரண்டும் ஏறக்குறைய ஒரே இயந்திரம்தான். மலிவானதில் வேகத்தைக் குறைப்பதற்கென்றே தனி ஏற்பாடு சேர்க்கப்பட்டிருந்தது.

மென்பொருள் அடுக்குகளில் பலவும் இதே வழியில் செய்யப்படுகின்றன. ஆனால் பிரிக்கும் வேலியை இரண்டு விதமாகப் போடலாம். எல்லாருக்கும் தேவையான ஒன்றைப் பிடுங்கிக்கொள்வது ஒரு விதம். அதுதான் கூரையில்லாத பெட்டி. ஒரு வகையாருக்கு மட்டும் தேவைப்படுவதை மேலே வைப்பது இன்னொரு விதம். நெட்ஃபிளிக்ஸ் 2019-இல் இந்தியாவில் ரூ.199க்குக் கொண்டுவந்த மொபைல் திட்டம் இரண்டாவது விதத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. 2021 டிசம்பரில் அதன் விலை ரூ.149 ஆனது. செல்பேசியில் தனியாகப் பார்ப்பவருக்கு அதில் பெரிய குறை தெரியாது. வீட்டில் எல்லாரும் டிவி முன் உட்கார்ந்து பார்க்கும் குடும்பத்துக்கு அது உதவாது.

பில் மென்பொருளில் வேலி எங்கே போடலாம்? முதலில் தோன்றுவது பில் எண்ணிக்கை: கீழ் அடுக்கில் மாதம் 500 பில், அதற்குமேல் வேண்டுமானால் நடு அடுக்கு. பார்வைக்கு நியாயமாகத் தெரியும் இந்த வேலி மோசமானது. தீபாவளி மாதத்தில் சிறிய மளிகைக் கடையும் 500-ஐத் தாண்டும். கல்லாவில் வாடிக்கையாளர் வரிசையாக நிற்கும்போது பில் வராமல் நின்றால், கடைக்காரர் மேல் அடுக்குக்குப் போகமாட்டார். பில் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவார்.

கல்லாக்களின் எண்ணிக்கை இதைவிட நல்ல வேலி. சிறிய கடைக்கு ஒரு கல்லா போதும். அதை ஒரு குறையாக அவர் உணரவே மாட்டார். இரண்டாவது கல்லா போடும் நாளில் வியாபாரம் பெருகியிருக்கும், கூடுதல் பணம் தரும் சக்தியும் வந்திருக்கும். அதுபோலவே கடையிலும் குடோனிலும் உள்ள சரக்கைத் தனித்தனியாகக் காட்டும் வசதி நடு அடுக்குக்கும், கிளைகளைச் சேர்த்துப் பார்க்கும் வசதி மேல் அடுக்குக்கும் பொருந்தும். சில இடங்களில் சட்டமே வேலி போட்டுத் தருகிறது. ஆண்டு விற்றுமுதல் ரூ.5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் மற்ற வணிகர்களுக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் எடுப்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். அந்த வசதியை மேல் அடுக்கில் வைத்தால் மளிகைக் கடைக்காரருக்கு எந்த இழப்பும் இல்லை.

வேலியாக வைக்கவே கூடாத சிலவும் உண்டு. தகவல்களைப் பிரதி எடுத்துப் பாதுகாப்பது, கணக்கைத் திருட்டிலிருந்து காக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, தன் கணக்கைத் தானே கோப்பாக எடுத்துக்கொள்வது ஆகியவை எல்லா அடுக்கிலும் இருக்க வேண்டும். ரூ.299 கட்டியவரின் ஓராண்டுப் பில்கள் அழிந்துபோனால், அவர் குறைந்த அடுக்கில் இருந்தார் என்ற விளக்கத்தைச் சந்தையில் யாரும் கேட்கமாட்டார்கள்.

மேல் அடுக்குக்கு இரண்டு வேலை. பெரிய கடைகளுக்கு உதவுவது ஒன்று. நடு அடுக்கை நிதானமான விலையாகத் தோன்றச் செய்வது இன்னொன்று. இடாமர் சைமன்சனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் மினோல்டா கேமராக்கள் இடம்பெற்றன. சுமார் 170 டாலர், 240 டாலர் என இரண்டைக் காட்டியபோது பங்கேற்றவர்கள் பாதிக்குப் பாதியாகப் பிரிந்தார்கள். 470 டாலர் கேமராவையும் சேர்த்துக் காட்டியதும் 57 சதவீதத்தினர் நடுக் கேமராவை எடுத்தார்கள். மலிவானதை 22 சதவீதத்தினர், உயர்ந்ததை 21 சதவீதத்தினர். இதைப் படித்துவிட்டு, யாரும் வாங்காத ஒரு மூன்றாம் அடுக்கைப் பொம்மையாக நிறுத்தும் நிறுவனங்கள் உண்டு. அந்த ஆய்விலேயே ஐந்தில் ஒருவர் உயர்ந்த கேமராவை எடுத்தார் என்பது அவர்கள் கண்ணில் படவில்லை. மேல் அடுக்கு தன்னளவில் விலை பெறுவதாக இருக்க வேண்டும். தவிர, தன் தேவை என்னவென்று தெளிவாக அறிந்த வியாபாரியிடம் இந்த ஈர்ப்பு அதிகம் எடுபடாது.

மாதச் சந்தாவுக்கே உரிய இடர் ஒன்று உண்டு. ஒருமுறை மட்டும் தேவைப்படும் வசதியை மேலே வைத்தால், வாடிக்கையாளர் ஒரு மாதத்துக்கு மட்டும் ஏறி இறங்கிவிடுவார். ஆண்டுக் கணக்கு அறிக்கை மேல் அடுக்கில் இருந்தால் மார்ச்சில் ஏறுவார், ஏப்ரலில் இறங்குவார். அதனால் வேலி தினமும் தொடும் வேலையில் இருக்க வேண்டும். மாத நடுவில் ஏறுபவருக்கு மீதி நாளுக்கு மட்டுமே வித்தியாசம் வாங்குவது முறை. 30 நாளில் 10 நாள் கழிந்த பிறகு ரூ.299-லிருந்து ரூ.799க்கு ஏறினால், ரூ.500-இல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ரூ.333, வரி தனி. இறங்குபவருக்கு மாற்றம் அடுத்த மாதம் முதல் என்று வைத்துவிட்டால் பணத்தைத் திருப்பித் தரும் தொல்லை இல்லை. அவருடைய இரண்டாவது கல்லாவின் பழைய பில்களை அழிக்காமல், பார்க்க மட்டும் முடிகிறபடி வைத்திருக்க வேண்டும்.

வரியும் அடுக்குக்கு அடுக்கு வேறாகப் பாதிக்கிறது. மென்பொருள் சந்தாவுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. நடுத்தரக் கடை பெரும்பாலும் முறையான பதிவில் இருப்பதால், கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்கும் பதிவே இல்லாத கடைக்கும் அந்த வழி இல்லை. அவர்களுக்கு ரூ.299 என்பது உண்மையில் ரூ.352.82. மேலே கண்ட ரூ.350 வரம்பை இது தாண்டிவிடுகிறது; அறுபது கடைகளும் கைநழுவக்கூடும். கீழ் அடுக்கின் விலையை வரி உட்பட ரூ.349 என்று அறிவித்தால் நிறுவனத்துக்குக் கடைக்கு ரூ.295.76 கிடைக்கும். அறுபது கடைக்கும் சேர்த்து இழப்பு மாதம் ரூ.194தான்.

அடுக்குகள் சரியாக விழுந்தனவா என்பது மூன்று நான்கு மாதத்தில் தெரிந்துவிடும். 60, 30, 10 என்று எதிர்பார்த்த இடத்தில் 78, 20, 2 என்று வந்தால் வருமானம் ரூ.61,900-லிருந்து சுமார் ரூ.43,000க்கு இறங்கியிருக்கும். உடனே நடு அடுக்கின் விலையைக் குறைப்பது அவசர வேலை. கீழே தங்கிவிட்ட நடுத்தரக் கடைகள் வேலியில் முட்டுகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரே கணக்கில் இரண்டு கருவிகள் மாறி மாறி உள்ளே வந்தால், இரண்டாவது கல்லா அங்கே இருக்கிறது, கடைக்காரர் ரூ.500 வித்தியாசத்தைத் தவிர்க்க அல்லாடுகிறார் என்று பொருள். அங்கே விலைதான் கோளாறு. யாரும் முட்டவே இல்லையென்றால் வேலி தவறான இடத்தில் இருக்கிறது. நடு அடுக்கில் வைத்த வசதி அவர்கள் அன்றாட வேலைக்கு வேண்டாதது. அப்போது கடைகளுக்கு நேரில் போய்க் கல்லாவின் அருகே ஒரு நாள் நின்று பார்த்து, வேலியை மாற்ற வேண்டும். புதிய பிரிவு புதிதாகச் சேருபவர்களுக்கே பொருந்தும். ஏற்கெனவே கீழ் அடுக்கில் அனுபவித்து வந்த வசதியைப் பிடுங்கினால், அந்த 78 கடைகளில் எத்தனை அடுத்த மாதம் மிஞ்சும் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது.