ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் ஒற்றைத் தலைவலி

வாரம் முழுக்க இரவு பன்னிரண்டுக்குப் படுத்து ஆறு மணிக்கு எழும் ஒருவர், ஞாயிறன்று ஒன்பதரை வரை தூங்குகிறார். எழும்போதே ஒரு பக்க நெற்றிப்பொட்டு தெறிக்கிறது; வெளிச்சம் பட்டால் குமட்டுகிறது. நன்றாகத்தானே தூங்கினோம் என்று குழம்புகிறார்.

மைக்ரேன் உள்ள மூளைக்கு மாற்றம் பிடிக்காது. தூக்கம், பசி, உடலின் நேரக்கணக்கு எல்லாவற்றையும் கவனிப்பது ஹைபோதலாமஸ் என்ற சிறு பகுதி. வலி தொடங்கும் முன்பே அது வழக்கத்துக்கு மாறாக இயங்குவதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தூக்கம் குறைந்தால் வலியைத் தாங்கும் திறன் குறைகிறது. கூடினால் அந்த நேரக்கணக்கு பிசகுகிறது. நம்மவருக்கு இன்னொன்றும் சேர்கிறது: ஆறரை மணிக் காபியும் காலைச் சாப்பாடும் மூன்று மணி நேரம் தள்ளிப்போகின்றன. காஃபின் கிடைக்காததே தலைவலியைக் கிளப்பும்.

அவர் முதலில் மாற்ற வேண்டியது எழும் நேரத்தை. ஞாயிறன்றும் ஏழுக்குள் எழட்டும். பாக்கித் தூக்கத்தை வார நாள்களில் கால் மணி, அரை மணி முன்னதாகப் படுத்து ஈடுகட்டலாம். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம்.

ஒரு சிக்கல்: கொட்டாவியும் அசதியும் சிலருக்கு மைக்ரேனின் முன்னறிகுறி. அப்போது அதிகத் தூக்கம் காரணமல்ல, தொடக்கம். படுத்த, எழுந்த, வலித்த நேரங்களை இரண்டு மாதம் குறித்தால் எது எதுவென்று புலப்படும். பலத்த குறட்டையோடு தினமும் காலையில் தலை வலித்தால், மூச்சுத்தடையாக இருக்கலாம். அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.