நிறுவலுக்கு முன் ஒரு கைகாட்டி

கணித நூலில் ஒரு நிறுவலைப் படிக்கிறோம். முதல் வரி சரியாக இருக்கிறது. இரண்டாம் வரி முதல் வரியிலிருந்து வருகிறது, அதுவும் சரி. இப்படி ஒவ்வொரு வரியாக ஒப்புக்கொண்டே போய், கடைசியில் 'நிறுவப்பட்டது' என்ற சொல்லை அடைகிறோம். எந்த இடத்திலும் மறுப்புச் சொல்ல வழியில்லை. ஆனாலும் மனம் நிறைவதில்லை. "எல்லாம் சரிதான்; ஆனால் அந்த முதல் வரியை எழுத வேண்டும் என்று ஒருவருக்கு எப்படித் தோன்றிற்று?" என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. விடை கிடைக்காத மாணவர் நிறுவலை மனப்பாடம் செய்கிறார். தேர்வில் a, b என்பதற்குப் பதிலாக p, q என்று கேட்டுவிட்டால் தடுமாறுகிறார்.

இந்தக் குறை கணிதத்தில் இல்லை. நிறுவலைச் சுற்றி எழுதப்பட வேண்டிய சில வாக்கியங்கள் எழுதப்படாமல் போனதில் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதைப் பார்ப்போம்.

1821-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி வெளியிட்ட ஒரு சமனிலி உண்டு. கல்லூரி மாணவர்கள் அதை 'கோஷி-சுவார்ட்ஸ் சமனிலி' என்ற பெயரில் சந்திப்பார்கள். a₁, a₂, …, aₙ என்று ஒரு வரிசை எண்களும், b₁, b₂, …, bₙ என்று இன்னொரு வரிசை எண்களும் உள்ளன. அவற்றிலிருந்து மூன்று கூடுதல்களை அமைத்துக்கொள்வோம்.

A = a₁² + a₂² + … + aₙ²
B = b₁² + b₂² + … + bₙ²
C = a₁b₁ + a₂b₂ + … + aₙbₙ

C² ஒருபோதும் AB-ஐ விட மிகாது என்பதே சமனிலி. சுருக்கமாக, C² ≤ AB. முதல் வரிசை 1, 2, 3 என்றும் இரண்டாம் வரிசை 2, 3, 7 என்றும் கொண்டால், A = 14, B = 62, C = 29. C² என்பது 841. AB என்பது 868. கூற்று சரியாகவே இருக்கிறது.

பாடநூல்களில் இதன் நிறுவல் பெரும்பாலும் பின்வருமாறு காணப்படும்:

t ஏதேனும் ஒரு மெய்யெண் என்க. S(t) = (b₁ − ta₁)² + … + (bₙ − taₙ)² என்க. வர்க்கங்களின் கூடுதலாதலால் S(t) ≥ 0. விரித்து எழுத, At² − 2Ct + B ≥ 0. எனவே தன்மைகாட்டி 4C² − 4AB ≤ 0. ஆகவே C² ≤ AB. நிறுவப்பட்டது.

சுருக்கமான நிறுவல்தான். ஆனால் படிப்பவரின் இடத்தில் நின்று பாருங்கள். கூற்றில் t என்ற எழுத்தே இல்லை; அது எங்கிருந்து வந்தது? b-யிலிருந்து a-யின் t மடங்கை ஏன் கழிக்க வேண்டும்? கழித்ததை ஏன் வர்க்கமாக்க வேண்டும்? கடைசியில் தன்மைகாட்டி எதற்காக நுழைகிறது? நான்கு கேள்விகளுக்கும் நிறுவலில் விடை இல்லை.

இப்போது கணிதத்தைச் சற்று ஒதுக்கி வைத்து, இயற்பியல் ஆய்வுக்கூடத்திற்குள் நுழைவோம். ஒரு சுருள்வில்லில் ஒன்று, இரண்டு, மூன்று எடைக்கற்களை முறையே தொங்கவிடுகிறோம். வில் 2 செ.மீ., 3 செ.மீ., 7 செ.மீ. நீள்வதாகக் கொள்வோம். (எண்களை வேண்டுமென்றே சற்றுத் தாறுமாறாக எடுத்திருக்கிறேன்.) நீட்சி எடைக்கு நேர்விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது ஹூக்கின் விதி. அதாவது, ஏதோ ஓர் எண் t-ஐ எடைகளால் பெருக்கினால் நீட்சிகள் கிடைக்க வேண்டும். நம் அளவுகளோ ஒரே t-க்குப் பொருந்தி வரவில்லை. அப்படியானால், இருப்பதற்குள் நன்றாகப் பொருந்தும் t எது?

ஒவ்வோர் அளவிலும் மிஞ்சும் பிழை b − ta. பிழைகளை அப்படியே கூட்டினால் மிகைப் பிழையும் குறைப் பிழையும் ஒன்றையொன்று அடித்துவிடும். மோசமான t கூட நல்லதுபோல் தோன்றும். ஆகவே வர்க்கமாக்கிக் கூட்டுகிறோம். அந்தக் கூடுதல்தான் S(t). நாம் தேடுவது S(t)-ஐ மிகச் சிறியதாக்கும் t. விரித்து, வர்க்கத்தை நிறைவு செய்தால்,

S(t) = A(t − C/A)² + (B − C²/A)

என்று கிடைக்கும். முதல் உறுப்பு சுழியாகும்போது S(t) மிகச் சிறியதாகும்; அதாவது t = C/A. நம் அளவுகளில் அது 29/14, ஏறத்தாழ 2.07. அப்போதும் நீங்காமல் எஞ்சும் பிழை B − C²/A. நம் அளவுகளில் அது 62 − 841/14, அதாவது 27/14.

இந்த எஞ்சிய பிழையைச் சற்று உற்றுப் பாருங்கள். அது வர்க்கங்களின் கூடுதல். ஆகவே குறை எண்ணாக இருக்க முடியாது. B − C²/A சுழிக்குக் குறையாது என்பதை A-ஆல் பெருக்கி எழுதினால் C² ≤ AB. நாம் நிறுவ வேண்டிய சமனிலி அதுவே! 'எவ்வளவு நன்றாகப் பொருத்தினாலும் எஞ்சும் பிழை சுழிக்குக் கீழே போகாது' என்ற எளிய உண்மையையே அது சொல்லிக்கொண்டிருந்தது. முன்பு கண்ட 868-க்கும் 841-க்கும் உள்ள வேறுபாடு 27. அந்த 27-க்கும் இப்போது பொருள் கிடைத்துவிட்டது: அதை A-ஆல் வகுத்தால் எஞ்சிய பிழை.

இனி இதே நிறுவலைப் படிப்பவருக்காகத் திரும்ப எழுதுவோம்.

நோக்கம்: b எண்களை a எண்களின் ஒரே மடங்காக எழுத முயல்வோம். எஞ்சும் பிழையின் வர்க்கக் கூடுதல் குறை எண்ணாகாது என்பதிலிருந்து சமனிலி கிடைக்கும். பிழை மிகக் குறைவாக இருப்பது t = C/A எனும்போது; ஆகவே அந்த மதிப்பையே எடுத்துக்கொள்கிறோம்.

விலக்கு: A-ஆல் வகுக்க வேண்டியிருப்பதால் A = 0 என்ற நிலையை முதலில் தனியே பார்த்துவிடுவோம். அப்போது a எண்கள் அனைத்தும் சுழி. எனவே C-யும் சுழி. சமனிலி 0 ≤ 0 என்றாகி உண்மையாகிறது. இனி A > 0 என்க.

நிறுவல்: t = C/A என்க. (b₁ − ta₁)² + … + (bₙ − taₙ)² = B − 2tC + t²A = B − C²/A. இடப்பக்கம் வர்க்கங்களின் கூடுதல். ஆகவே B − C²/A ≥ 0. A-ஆல் பெருக்க, C² ≤ AB.

முடிவில் ஒரு குறிப்பு: சமக்குறி பொருந்துவது எஞ்சும் பிழை சுழியாகும்போது. அதாவது, b எண்கள் a எண்களின் சரியான ஒரே மடங்காக இருக்கும்போதும், a எண்கள் எல்லாம் சுழியாகும்போதும் மட்டுமே.

இரண்டு வடிவங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முறையான கணக்கீடு நீளவில்லை. தன்மைகாட்டியும் தேவைப்படாமல் போயிற்று. சேர்ந்தவை சில வாக்கியங்கள் மட்டுமே. சாலைச் சந்தியில் நிற்கும் கைகாட்டியைப் போல, ஒவ்வொன்றும் ஒரு கேள்வி எழும் இடத்தில் நிற்கிறது. 'நோக்கம்' t வருவதற்கு முன்பே t எதற்கு என்று சொல்லிவிடுகிறது. 'விலக்கு' முதல் வடிவத்தில் ஒளிந்திருந்த ஓர் ஓட்டையை அடைக்கிறது. A சுழியானால் At² − 2Ct + B இருபடிக் கோவையே அன்று. அதன் தன்மைகாட்டியைப் பற்றிப் பேச முடியாது. சுருக்க நிறுவலை மனப்பாடம் செய்தவர் இதைக் கவனிப்பது அரிது. சுருள்வில்லை நினைப்பவருக்கோ இது தானே புலப்படும்: எடையே தொங்கவிடாமல் எந்த t-ஐக் கணக்கிடுவது?

ஆனால் கைகாட்டி வேறு, சாலை வேறு. சுருள்வில் நமக்கு வழி காட்டியது. நிறுவலில் அதற்கு இடமில்லை. எடைகள் குறை எண்களாக முடியாது; சமனிலியோ குறை எண்களுக்கும் பொருந்தும். 'வில்லின் நீட்சியைக் கருதினால் இது தெளிவு' என்று நிறுவலுக்குள் எழுதினால் அது பிழையாகும். t = C/A-யில் பிழை மிகக் குறைவு என்ற செய்தியும் அப்படியே. அந்த t-ஐ ஏன் தேர்ந்தோம் என்பதை அது விளக்குகிறது. ஆனால் நிறுவலுக்கு வேண்டியது, அந்த t-க்கு வர்க்கக் கூடுதல் குறை எண்ணன்று என்பது மட்டுமே. நாம் எழுதியது சரியா என்று அறிய ஒரு சோதனை உண்டு. நோக்கத்தைக் கூறும் வாக்கியங்களைக் கையால் மறைத்துக்கொண்டு எஞ்சியதைப் படியுங்கள். நிறுவல் அப்போதும் முழுமையாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால், விளக்கத்தின் மீது நிறுவலின் பாரத்தை ஏற்றிவிட்டோம் என்று பொருள்.

வெறும் கைகாட்டிகளும் உண்டு. 'இனி சமனிலியை நிறுவுவோம்', 'சிறிது கணக்கிட்டால் பின்வருவது கிடைக்கும்' என்பன போன்றவை எந்த ஊருக்கும் வழி சொல்லாத பலகைகள். ஒரு வாக்கியத்தை நீக்கிய பிறகும் படிப்பவருக்குப் புதிய கேள்வி எதுவும் எழவில்லையானால், அந்த வாக்கியம் தேவையில்லை. வரிக்கு வரி விளக்கம் எழுதுவதும் உதவாது. 'இரு பக்கமும் A-ஆல் பெருக்க' என்பதற்குக் காரணம் கேட்பார் யாருமில்லை. காரணம் வேண்டுவது, எழுதியவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்த இடங்களில்தான். நம் நிறுவலில் அத்தகைய இடம் ஒன்றே: t = C/A.

ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போலியா 1949-இல் ஓர் அமெரிக்கக் கணித இதழில் இதே கருத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கார்ல்மன் சமனிலி என்ற கடினமான ஒரு முடிவுக்குத் தாமே கண்டுபிடித்த நிறுவலை அதில் முதலில் சுருக்கமாகத் தருகிறார். அதன் தொடக்கத்திலேயே ஒரு விந்தையான எண் தொடர் வானத்திலிருந்து குதித்ததுபோல் வந்து நிற்கிறது. பிறகு, எந்தத் தேவையால் அத்தொடரை நாட நேர்ந்தது என்பதைப் படிப்படியாக விவரிக்கிறார். தொடர் அதேதான்; ஆனால் படித்து முடித்தவருக்கு அது விந்தையாகத் தோன்றுவதில்லை.

உங்கள் பாடநூலிலேயே இதை முயன்று பார்க்கலாம். ஒரு நிறுவலை எடுத்துக்கொண்டு, 'என்க' என்று முடியும் வரிகளுக்கு அடியில் கோடிடுங்கள். நூலாசிரியர் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்த இடங்கள் பெரும்பாலும் அவையே. ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'இதை ஏன் இப்படி எடுத்தார்?' என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் விடை எழுதுங்கள். விடை எழுத வராத வரியே அந்த நிறுவலில் உங்களுக்கு இன்னும் விளங்காத வரி. ஆசிரியரிடம் கேட்க வேண்டியதும் அதைத்தான்.