சடங்கு ஒரு நாள். பருவமாற்றம் சில ஆண்டுகள்

மெர்போக், செமெலிங், பீடோங் வட்டாரத்தில் வார இறுதியில் ஏதாவது ஒரு மண்டபத்தில் சடங்கு நடந்துகொண்டிருக்கும். தாய்மாமன் சீர்த்தட்டு எடுத்து வருவார். பட்டுச்சேலை கட்டிய பெண்ணைச் சுற்றி நின்று உறவினர்கள் படம் எடுப்பார்கள். "பெரிய மனுசி ஆயிட்டா" என்று பாட்டிமார் சொல்வார்கள்.

அந்தச் சொல்லைக் கேட்டால், எல்லாமே ஒரே நாளில் நடந்துவிட்டது போலத் தோன்றும். உடலின் கணக்கு அப்படியில்லை. முதல் மாதவிடாய் வருவதற்கு ஏறக்குறைய இரண்டு, இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது.

படிவம் 1 அறிவியல் பாடத்தில் 'இனப்பெருக்கம்' என்ற அலகை மாணவர்கள் மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள். அதையே வீட்டில் அம்மாவிடமோ அப்பாவிடமோ தமிழில் கேட்க வேண்டுமென்றால் சொல் கிடைப்பதில்லை. 'தீட்டு', 'வீட்டுக்குத் தூரம்' போன்ற சொற்கள் விலக்கி வைப்பதைச் சொல்கின்றனவே தவிர, உடலில் நடப்பதைச் சொல்வதில்லை. மாதவிடாய், கருப்பை, சூலகம், விரை, விந்து ஆகிய ஐந்து சொற்களும் கூச்சமில்லாமல் வாயில் வந்தாலே பாதிப் பேச்சு எளிதாகிவிடும்.

தொடக்கம் மூளையில். பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கு, அதற்கு மேலேயுள்ள மூளைப்பகுதி சிறு சிறு துடிப்புகளாகச் செய்தி அனுப்புகிறது. முதலில் இது இரவுத் தூக்கத்தில்தான் நடக்கும். செய்தி கிடைத்ததும் பிட்யூட்டரி இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் கலக்கிறது. அவை பெண்களுக்குச் சூலகத்தையும் ஆண்களுக்கு விரைகளையும் எழுப்பிவிடுகின்றன. சூலகம் எஸ்ட்ரோஜனையும், விரைகள் டெஸ்டோஸ்டிரோனையும் சுரக்கத் தொடங்குகின்றன. வெளியே நாம் பார்க்கும் மாற்றங்களில் பெரும்பாலானவை இவற்றின் வேலை.

பெண்களுக்கு இது 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் தொடங்கும். மார்புக் காம்புக்கு அடியில் சிறு கட்டிபோல் தட்டுப்படுவதே பெரும்பாலும் முதல் அடையாளம். தொட்டால் வலிக்கும். ஒரு பக்கம் முன்னும் மறுபக்கம் சில மாதம் பின்னும் வரலாம். அதைப் புற்றுநோய் என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் அழும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள் தொடங்கும். விரைகள் பெரிதாவதுதான் அவர்களின் முதல் மாற்றம். மீசையும் குரல் உடைவதும் அதற்குப் பிறகே. அதனால்தான் தொடக்கத்தை வெளியில் யாரும் கவனிப்பதில்லை.

ஒரே வயதுள்ள மாமன் மகளையும் அத்தை மகனையும் எடுத்துக்கொள்வோம். அவளுக்கு 10 வயதில் மாற்றம் தொடங்குகிறது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் வேகமாக வளர்கிறாள். உச்சத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 8 சென்டிமீட்டர். பன்னிரண்டரை வயதில் முதல் மாதவிடாய் வருகிறது. அதற்குள் பெரும்பகுதி வளர்ச்சி முடிந்துவிட்டது. இனி பொதுவாக 5 முதல் 7 சென்டிமீட்டர்தான் மீதி. அவனுக்கோ 12 வயதில்தான் தொடக்கம். 14 வயது வாக்கில் உச்சம். அப்போது ஆண்டுக்கு 9 சென்டிமீட்டருக்கு மேலும் போகலாம். படிவம் 1இல் பள்ளிச் சபைகூடலில் அவனைவிட உயரமாக நின்றவள், படிவம் 3இல் அவனை அண்ணாந்து பார்ப்பாள். இதில் அவனுடைய சத்துணவுக்கோ அவளுடைய சோம்பலுக்கோ பங்கு இல்லை. எலும்பின் நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டுகளை மூடுவது எஸ்ட்ரோஜன். ஆண் உடலிலும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி எஸ்ட்ரோஜனாக மாறித்தான் அவற்றை மூடுகிறது. அவனுக்கு அது தாமதமாக நடப்பதால், வளரக் கூடுதல் காலம் கிடைக்கிறது.

மாதவிடாய் என்பது கெட்ட இரத்தம் வெளியேறுவது அன்று. கருப்பையின் உட்சுவரில் ஒரு மென்படலம் தடிக்கிறது. கரு தங்கவில்லையென்றால் அது உதிர்ந்து, கொஞ்சம் இரத்தத்தோடு வெளியே வருகிறது. ஒரு முறைக்கு வெளியேறும் இரத்தம் பொதுவாக 30, 40 மில்லிலிட்டர், அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவு. பார்க்கும்போது அதிகமாகத் தெரியும், அவ்வளவுதான்.

முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் தேதி தவறுவது இயல்பு. காரணம் இதுதான்: சூலகத்திலிருந்து சினைமுட்டை வெளியானால், அதற்கடுத்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் படலம் உதிர்ந்துவிடும். தொடக்கத்தில் எல்லா மாதமும் முட்டை வெளியாவதில்லை. முட்டை வராத மாதத்தில் படலம் எப்போது உதிரும் என்று சொல்ல முடியாது.

ஆகவே நாட்காட்டியில் குறித்து வைப்பதுதான் வழி. இரத்தம் வரத் தொடங்கிய நாளை முதல் நாளாகக் கொள்ள வேண்டும். நின்ற நாளை அல்ல. ஒரு மாணவி இப்படிக் குறித்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்: மார்ச் 3, ஏப்ரல் 12, மே 5, ஜூன் 18. இடைவெளிகள் 40 நாள், 23 நாள், 44 நாள். தாறுமாறாகத் தெரிந்தாலும், இந்த வயதில் 21 முதல் 45 நாள் வரை சரியானதே. ஜூன் 18க்குப் பிறகு செப்டம்பர் 16 ஆகியும் வரவில்லையென்றால் 90 நாள் ஆகிவிட்டது. அப்போது அம்மாவிடம் சொல்லிச் சுகாதார கிளினிக்குக் காட்ட வேண்டும். ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கொரு முறை பேட் முழுக்க நனைந்தாலோ, வலியால் பள்ளிக்கே போக முடியாமல் போனாலோ 90 நாள் காத்திருக்கக் கூடாது. 15 வயதாகியும் முதல் மாதவிடாய் வராவிட்டாலும், 13 வயதாகியும் மார்பு வளர்ச்சியே தொடங்காவிட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சடங்கான பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. முட்டை நல்லதுதான், ஆனால் பச்சையாக வேண்டாம், வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கலாம். வேகவைத்துக் கொடுங்கள். மாதாமாதம் இழக்கும் இரும்புச்சத்தை ஈடுகட்ட இறைச்சி, மீன், பருப்பு, கீரை வேண்டும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்பு உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

ஆண்பிள்ளைகளுக்குச் சடங்கு இல்லை. அதனால் அவர்களிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. காலையில் எழும்போது உள்ளாடை ஈரமாக இருந்தால், நோய் வந்துவிட்டதோ என்று பயப்படுவார்கள். விரைகள் வேலை செய்யத் தொடங்கிய பிறகு தூக்கத்தில் விந்து வெளியேறுவது உண்டு. அதனால் உடல் பலம் குறையாது, நினைவாற்றல் கெடாது, மருந்தும் தேவையில்லை. 'பலவீனம் போக்கும்' மருந்து விளம்பரங்கள் இந்தப் பயத்தை வைத்தே பிழைக்கின்றன.

இன்னொன்றைப் பையன்கள் யாரிடமும் சொல்லமாட்டார்கள். பருவமாற்றத்தின் நடுவில் பாதிப் பேருக்கு மார்பிலும் சிறு கட்டி வரும். சட்டை உரசினால் வலிக்கும். உடற்கல்விப் பாடத்தில் சட்டை மாற்றக் கூசுவார்கள். ஹார்மோன்கள் சமநிலைக்கு வரும் வரை இருக்கும் இந்தக் கட்டி, பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தானே கரைந்துவிடும். கரையாமல் பெரிதாகிக்கொண்டே போனாலோ, 14 வயதாகியும் எந்த மாற்றமும் தொடங்கவில்லை என்றாலோ, அப்பா அவனையும் அதே கிளினிக்குக் கூட்டிப் போகலாம்.